பதினோராம் தேதிக்கு முன் பார்க்க வேண்டிய பில்கள்: ஒரு மாதக் கொள்முதலின் ஐடிசி ஆய்வு

கோவைப் பகுதியில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தின் 2024 அக்டோபர் மாதக் கொள்முதல் கோப்பு இது. பெயரைச் சொல்லவில்லை. கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்று தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். அந்த மாதத்துக்கு அவர்களுடைய கணக்கர் கொள்முதல் பதிவேட்டில் எழுதி வைத்திருந்த உள்ளீட்டு வரி வரவு, அதாவது ஐடிசி, 5,34,000 ரூபாய். கடைசியில் மாத வரி ரிட்டர்னான GSTR-3B-யில் நிகரமாக நின்றது 4,14,000. நடுவே காணாமல் போன 1,20,000 ரூபாயில் எது நிரந்தரமாகப் போனது, எது தள்ளிப்போனது, எது திரும்பி வரும் என்பதைப் பில் பில்லாகப் பார்க்கலாம்.

கோப்பு என் கைக்கு வந்தது நவம்பர் 6-ஆம் தேதி. பலர் 14-ஆம் தேதி, விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்துத் தளம் தரும் வரவுப் பட்டியலான GSTR-2B வந்த பிறகுதான் கொள்முதல் பில்களைக் கையில் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதாமாதம் தாக்கல் செய்யும் விற்பனையாளர் 11-ஆம் தேதிக்குள் தன் விற்பனைப் பட்டியலான GSTR-1-ஐப் போடுகிறார். அதற்கு முன் பில்லில் குறை கண்டால் ஒரு போன் போதும், அவர் சரிசெய்துவிடுவார். அதன் பிறகு கண்டால் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்க வேண்டும். நவம்பரில் மட்டும் அந்த 'அடுத்த மாதம்' என்பதே இல்லாமல் போகலாம். அதற்குக் கீழே வருகிறேன்.

சட்டத்தின் எலும்புக்கூடு சிறியதுதான். மத்திய ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 16(2)-இன்படி வரி விலைப்பட்டியல் கையில் இருக்க வேண்டும்; சரக்கோ சேவையோ வந்து சேர்ந்திருக்க வேண்டும்; விற்றவர் அந்தப் பில்லைத் தன் GSTR-1-இல் காட்டி அது நம் 2B-யில் தெரிய வேண்டும்; அந்த வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; நாமும் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். இவை எல்லாம் நிறைவேறினாலும் பிரிவு 17(5)-இல் தடை செய்யப்பட்ட இனமாக இருந்தால் வரவு கிடையாது. 2B-யில் இருக்கிறது என்பது இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே பதில்.

குறையில்லாத கட்டு

வார்ப்பு, கட்டிங் டூல், கூலன்ட் ஆயில், பேக்கிங் என்று வழக்கமான பில்களின் வரி 3,10,000 ரூபாய். பில்லில் நம் ஜிஎஸ்டி எண் சரியா என்பதற்கு அடுத்தபடியாக இந்தக் கட்டில் நான் பார்ப்பது சரக்கு வந்ததற்கான தடயம். வார்ப்பு பில்கள் ஒவ்வொன்றுக்கும் இ-வே பில், எடைமேடைச் சீட்டு, கேட் பதிவேட்டில் ஒரு வரி, வங்கி வழியே பணம் போன பதிவு ஆகியவற்றைச் சேர்த்துக் குத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரவு எடுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பைப் பிரிவு 155 எடுத்தவர் தலையிலேயே வைக்கிறது. பழைய கர்நாடக வாட் சட்டத்தின் கீழ் வந்த ஈகாம் கில் காபி டிரேடிங் வழக்கில், 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பில்லும் காசோலையும் மட்டும் போதாது என்றது. வண்டி எண், சரக்குக் கூலி கொடுத்த விவரம், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை போன்றவை வேண்டும் என்றது. அது வாட் காலத்து வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜிஎஸ்டி அதிகாரிகள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்தக் கட்டில் ஒரு டூல் பில்லில் தொழிற்கூடத்தின் பழைய முகவரி அச்சாகியிருந்தது. கணக்கர் அதைத் தனியே எடுத்து வைத்து, "இது செல்லாதுங்களா சார்?" என்று கேட்டார். செல்லும். விதி 36(2) சின்னக் குறைகளை மன்னிக்கிறது. வரித் தொகை, சரக்கின் விவரம், மொத்த மதிப்பு, இரு தரப்பின் ஜிஎஸ்டி எண்கள், வெளிமாநில வியாபாரமானால் வழங்கல் இடம் ஆகியவை பில்லில் இருந்தால் மற்ற விவரங்களில் உள்ள குறைக்காக வரவு போகாது. ஆனால் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் இந்த மன்னிப்பு உதவாது. அந்தப் பில் வேறொருவரின் 2B-யில் போய் உட்கார்ந்துவிடும்.

3,10,000-இல் 22,000 ரூபாயை மட்டும் இந்த மாதம் எடுக்கவில்லை. அது ஒரு சிறிய டூல் கடையின் பில். கடைக்காரர் காலாண்டுக்கு ஒருமுறை GSTR-1 போடும் திட்டத்தில் இருக்கிறார். முதல் இரண்டு மாதப் பில்களை விரும்பினால் 13-ஆம் தேதிக்குள் IFF என்ற வசதி வழியே ஏற்றலாம், அவர் ஏற்றுவதில்லை. அக்டோபர் காலாண்டின் முதல் மாதம். ஆக, இந்தப் பில் டிசம்பர் மாத 2B-யில், 2025 ஜனவரியில்தான் தெரியும். பில்லில் குறையில்லை, அதன் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். கணக்கர்கள் இப்படிப்பட்ட பில்லைக் கண்டதும் "விற்றவர் ஏமாற்றிவிட்டார்" என்று பதறுவார்கள். விற்பவர் மாதத் தாக்கலா காலாண்டுத் தாக்கலா என்பதைப் பதிவேட்டில் ஒரு பத்தியாக எழுதி வைத்தால் பாதிப் பதற்றம் குறையும்.

க்யூஆர் கோடு இல்லாத கம்பி பில்

அக்டோபர் 14 தேதியிட்ட எவர்சில்வர் கம்பி பில். சரக்கு 4,00,000, வரி 72,000. சரக்கு வந்திருக்கிறது, எடைச் சீட்டு இருக்கிறது, பணமும் போய்விட்டது. பில்லில் கையெழுத்து, எச்எஸ்என் எல்லாம் சரி. இல்லாதது, மின்-விலைப்பட்டியல் தளம் கொடுக்கும் ஐஆர்என் எண்ணும் க்யூஆர் கோடும்.

2023 ஆகஸ்ட் 1 முதல், 2017-18 முதல் எந்த ஒரு நிதியாண்டிலாவது மொத்த விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர், பதிவு பெற்ற இன்னொருவருக்குக் கொடுக்கும் பில்லை மின்-விலைப்பட்டியலாகவே கொடுக்க வேண்டும். வங்கி, காப்பீடு, சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. இந்தக் கடமை உள்ளவர் வேறு விதமாகக் கொடுத்த பில்லை விலைப்பட்டியலாகவே கருத முடியாது என்கிறது விதி 48(5). விலைப்பட்டியல் இல்லையென்றால் 16(2)-இன் முதல் நிபந்தனையே விழுந்துவிடுகிறது.

இதில் உள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அந்த வியாபாரி இந்தப் பில்லை GSTR-1-இல் கையால் தட்டி ஏற்றினால் போதும், நம் 2B-யில் 72,000 ரூபாய் அழகாக வந்து உட்காரும். 2B-யைப் பார்த்து வரவு எடுத்தவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. இரண்டு வருடம் கழித்துத் தணிக்கையில் பில் நகலைக் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் வட்டியும் ஏறியிருக்கும்.

விற்பவருக்குக் கடமை உண்டா என்பதைத் தெரிந்துகொள்ள மின்-விலைப்பட்டியல் தளத்தில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு நிலையைப் பார்க்கலாம். அங்கே 'enabled' என்று இருந்தாலே கடமை உண்டு என்று முடிவுகட்ட முடியாது. தாக்கலான விற்றுமுதல் கணக்கை வைத்துத் தளம் கொடுக்கும் குறிப்பு அது. ஆனால் கேள்வி கேட்க அது போதும். கேட்டோம். வியாபாரியின் பதில்: "சாஃப்ட்வேர் மாத்தினோமுங்க, அந்த வாரம் ரெண்டு மூணு பில் விட்டுப்போச்சுங்க." அப்போது 30 நாளுக்குள் ஐஆர்என் எடுத்தாக வேண்டும் என்ற கெடு 100 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே இருந்தது. அதனால் அதே எண், அதே தேதிக்கு நவம்பர் 8-இல் அவரால் ஐஆர்என் எடுக்க முடிந்தது. பில்லும் தானாக அவருடைய GSTR-1-இல் ஏறியது. புதிய நகலைக் கைபேசிச் செயலியில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகே கோப்பில் வைத்தோம். 2025 ஏப்ரல் முதல் அந்தக் கெடு 10 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் வந்துவிட்டது. ஆக, இன்று இதே பில் இரண்டு மாதம் கழித்துக் கண்ணில் பட்டிருந்தால், அந்த அளவு வியாபாரியால் பழைய தேதிக்கு ஐஆர்என் எடுக்க முடியாது.

5 கோடிக்குக் கீழே இருப்பதாகச் சொல்லும் விற்பனையாளரிடம் லெட்டர்பேடில் ஓர் உறுதிமொழி வாங்கி வைப்பது நல்லது. சட்டப்படி அது முழுக் கவசம் ஆகாது. ஆனாலும் நாம் கேட்டோம் என்பதற்கு அது சாட்சி.

மார்ச் மாதத்து பில்

கட்டிலேயே அவசரமானது இதுதான். 2024 மார்ச்சில் வாங்கிய அளவுகருவிகளுக்கான பில், மதிப்பு 2,50,000, வரி 45,000. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை எந்த மாத 2B-யிலும் அது இல்லை. "வரும் வரும்னு ஒவ்வொரு மாசமும் தள்ளிட்டே வந்தோம் சார்" என்றார் கணக்கர்.

பிரிவு 16(4)-இன்படி ஒரு நிதியாண்டின் பில்லுக்கு அடுத்து வரும் நவம்பர் 30 வரையோ, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் போடும் நாள் வரையோ, எது முந்தியோ அதுவரைதான் வரவு எடுக்கலாம். மார்ச் 2024 பில் 2023-24 நிதியாண்டைச் சேர்ந்தது. ஆக, கடைசி நாள் 2024 நவம்பர் 30. இதை எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் கதவு மூடுவது அதற்கும் முன்னால்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பர் 30-க்குள் போடக்கூடிய கடைசி ரிட்டர்ன் அக்டோபர் மாத 3B. அதற்கு அடிப்படை நவம்பர் 14-இல் வரும் 2B. அந்த 2B-யில் இடம்பெற வேண்டுமானால் விற்றவர் நவம்பர் 11-க்குள் போடும் GSTR-1-இல் பில் இருக்க வேண்டும். அவர் நவம்பர் 20-இல் ஏற்றினால் அவரைப் பொறுத்தவரை அது கெடுவுக்குள் செய்த வேலை. நமக்கோ அது டிசம்பர் 14-இல் வரும் 2B-யில், 'வரவு இல்லை' என்ற பகுதியில் தெரியும். ஆக, 45,000 ரூபாய்க்கு உண்மையான கடைசி நாள் நவம்பர் 30 அல்ல, நவம்பர் 11.

கோப்பு 6-ஆம் தேதி வந்ததால் கையில் சில நாள் இருந்தது. விற்றவரின் கணக்காளரைப் பிடித்தோம். அவர்கள் மார்ச் மாத GSTR-1 ஏற்றும்போது அந்தப் பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையே விட்டுவிட்டிருந்தார்கள். 3B-யிலும் அந்த வரி கட்டப்படவில்லை. இப்போது ஏற்றினால் வரியோடு வட்டியும் கட்ட வேண்டும் என்பதால் முதலில் தயங்கினார்கள். இந்த இடத்தில் சண்டை போடுவது உதவாது. பில்லின் நகல், வங்கியில் பணம் போன பதிவு, இ-வே பில் எண் மூன்றையும் இணைத்து, வரித் தொகையை அவர்கள் வாங்கிவிட்டார்கள் என்பதை எழுத்தில் நினைவூட்டி அனுப்பினோம். 10-ஆம் தேதி மாலை ஏற்றினார்கள்.

இந்த வரவுக்கு இன்னொரு விளிம்பும் உண்டு. 2023-24-க்கான வருடாந்திர ரிட்டர்ன் GSTR-9-ஐ அவர்கள் அவசரப்பட்டு அக்டோபரிலேயே போட்டிருந்தால், நவம்பர் 30 என்ற நாளே அவர்களுக்குக் கிடைத்திருக்காது. நல்ல வேளையாகப் போடவில்லை. முந்திய ஆண்டின் பில் ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் GSTR-9-இல் கை வைக்கக் கூடாது.

கொட்டகையும் அடித்தளமும் ஒரே பில்லில்

ஒப்பந்தக்காரரின் பில் 5,00,000, வரி 90,000. விவரப் பத்தியில் இரண்டே சொற்கள்: 'சிவில் வேலை'. இடத்துக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. தொழிற்கூடத்தின் பின்பக்கம் கொட்டகையை நீட்டியிருக்கிறார்கள். அதற்குள் புதிய சிஎன்சி எந்திரத்துக்காகக் கம்பி கட்டிய கான்கிரீட் அடித்தளம் போட்டிருக்கிறார்கள்.

அசையாச் சொத்தைக் கட்டுவதற்கான பணி ஒப்பந்தத்துக்குப் பிரிவு 17(5)(c) வரவைத் தடுக்கிறது. ஆனால் அதிலேயே 'ஆலை மற்றும் எந்திரம்' விலக்கப்பட்டிருக்கிறது. எந்திரத்தை நிலத்தில் பொருத்துவதற்கான அடித்தளமும் தாங்கு கட்டமைப்பும் அந்தச் சொல்லுக்குள் வரும் என்று விளக்கமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. நிலமும் கட்டடமும் பிற சிவில் கட்டமைப்புகளும் வராது. அதன்படி அடித்தளத்துக்கு வரவு உண்டு, கொட்டகைக்கு இல்லை. 'சிவில் வேலை' என்று மொத்தமாக எழுதிய பில்லை வைத்துக்கொண்டு இதை யாரிடமும் நிறுவ முடியாது.

முதலாளியிடம் வேறொரு யோசனை இருந்தது. "மொத்தத்தையும் பில்டிங் ரிப்பேர்னு எழுதிட்டா ஆகாதுங்களா?" என்றார். ரிப்பேர் செலவுக்கு வரவு உண்டு என்பதை எங்கோ கேட்டிருக்கிறார். அதில் உண்மை இருக்கிறது. மராமத்தும் புதுப்பித்தலும் சொத்துக் கணக்கில் ஏற்றப்படும் அளவுக்கு மட்டுமே 'கட்டுமானம்' ஆகும். ஒழுகும் கூரைத் தகடுகளை மாற்றி வருமானச் செலவாக எழுதினால் வரவு எடுக்கலாம். ஆனால் இல்லாத இடத்தில் புதிதாக எழுந்த கொட்டகை பழுதுபார்ப்பு ஆகாது. அதைச் செலவாக எழுதினால் ஜிஎஸ்டியில் மட்டுமல்ல, வருமான வரிக் கணக்கிலும் கேள்வி வரும். அவரிடம் நேராகவே சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

அப்போது இன்னொரு குழப்பமும் ஊரெல்லாம் இருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. கட்டடத்துக்கெல்லாம் இனி வரவு உண்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்தத் தீர்ப்பு பேசியது 17(5)(d)-யில் இருந்த 'ஆலை அல்லது எந்திரம்' என்ற சொல்லைப் பற்றி, அதுவும் வாடகைக்கு விடும் கட்டடங்களின் பின்னணியில். நம் பில் பணி ஒப்பந்தம், அதாவது (c) பிரிவு. அங்கே எழுதியிருப்பது 'ஆலை மற்றும் எந்திரம்'. பின்னால் 2025 நிதிச் சட்டம் (d)-யிலும் 'அல்லது' என்பதை 'மற்றும்' என்று 2017 ஜூலை 1 முதலே மாற்றிவிட்டது. அக்டோபர் செய்தியை நம்பி அந்த மாதமே வரவு எடுத்தவர்கள் இப்போது திரும்பக் கொடுக்கும் நிலையில் இருக்கிறார்கள்.

ஒப்பந்தக்காரர் அந்த மாத GSTR-1-ஐ இன்னும் போடவில்லை. அளவுப் புத்தகத்தில் இரண்டு வேலைகளும் தனித்தனியாகவே குறிக்கப்பட்டிருந்தன. அதன்படி பழைய பில்லை ரத்து செய்து இரண்டு பில்கள் கொடுத்தார்: கொட்டகை நீட்டிப்பு 3,50,000, வரி 63,000, சிஎன்சி எந்திர அடித்தளம் 1,50,000, வரி 27,000. பிரிப்பது அளவுப் புத்தகத்தின்படிதான் இருக்க வேண்டும். வரவுக்கு வசதியாக அடித்தளத்தின் மதிப்பை ஊதிக் காட்டினால் அது பொய்ப் பில். அடித்தளத்தின் வரைபடத்தையும் எந்திரம் வாங்கிய பில்லையும் அதோடு சேர்த்து வைத்தோம்.

கொட்டகையின் 63,000 ரூபாய் வரி முழு நட்டமும் அல்ல. வரவு எடுக்காத வரியைக் கட்டடத்தின் அடக்க விலையில் சேர்த்துத் தேய்மானம் கோரலாம். வரவும் எடுத்து அதே வரிக்குத் தேய்மானமும் கோருவதைத்தான் பிரிவு 16(3) தடுக்கிறது.

சின்னத் தொகைகள்

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. ஊழியர்களுக்கும் சில வாடிக்கையாளர்களுக்கும் எவர்சில்வர் டிபன் செட் வாங்கியதில் வரி 9,600. பரிசாகக் கொடுத்த பொருளுக்கு 17(5)(h) வரவைத் தடுக்கிறது. "ஊழியருக்கு வருஷத்துக்கு 50,000 வரைக்கும் பரிசு கொடுக்கலாமுன்னு இருக்குதுங்களே" என்றார் முதலாளி. இருக்கிறது. அந்த வரம்பு சொல்வது, அப்படிக் கொடுப்பதை விற்பனையாகக் கருதி நம்மிடம் வரி கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும். வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்கலாம் என்று அது சொல்லவில்லை.

முதலாளியின் கார் பழுதுபார்ப்பு, வரி 6,200. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மிகாமல் உட்காரும் வண்டிகளுக்கும் அவற்றின் காப்பீடு, பழுதுக்கும் தடை உண்டு. அலுவல் வேலைக்கே ஓடுகிறது என்றாலும் மாற்றமில்லை. வார்ப்பு ஏற்றும் சரக்கு வண்டியின் பழுதுபார்ப்பு பில் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு வரவு உண்டு, அது குறையில்லாத கட்டில் சேர்ந்தது. கணக்கர் இரண்டையும் 'வாகனப் பராமரிப்பு' என்ற ஒரே தலைப்பில் எழுதியிருந்தார். தலைப்பை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன்.

பெங்களூரு விடுதி வாடகை, வரி 1,200. தங்கும் விடுதிக்கு வழங்கல் இடம் அந்த விடுதி இருக்கும் ஊர். விதித்தது மத்திய வரியும் கர்நாடக மாநில வரியும். நம் பதிவு தமிழ்நாட்டில், எண் 33-இல் தொடங்குவது. கர்நாடகத்தின் வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் எடுக்க வழியில்லை. 2B இதைத் தானாகவே 'வரவு இல்லை' பகுதியில் காட்டிவிடும்.

கொடுக்காத பாதிப் பணம்

இது அக்டோபர் கொள்முதல் அல்ல. ஆனால் அக்டோபர் ரிட்டர்னில் வந்து தொட்டது. மார்ச் 20 தேதியிட்ட ஒரு வார்ப்பு பில், 2,00,000, வரி 36,000. வரவை மார்ச் ரிட்டர்னிலேயே எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள். வார்ப்பில் ஊசித்துளைகள் இருந்ததாகத் தகராறு. மொத்தம் 2,36,000-இல் பாதி, 1,18,000 மட்டும் கொடுத்து மீதியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் மதிப்பும் வரியும் சேர்ந்த தொகையைக் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கு ஏற்ற வரவைத் திருப்ப வேண்டும் என்கிறது விதி 37. செப்டம்பர் 16-ஓடு அந்த 180 நாள் முடிந்தது. அடுத்த வரிக்காலமான அக்டோபர் ரிட்டர்னில் 18,000 ரூபாயைத் திருப்பினோம். வரவை ஏப்ரல் 20-இல் பயன்படுத்தியதால் அன்றிலிருந்து 18 சதவீத வட்டி, சுமார் 1,900 ரூபாய்.

வட்டி போனாலும் இந்த 18,000 போய்விடவில்லை. மீதிப் பணத்தைக் கொடுக்கும் மாதத்தில் மறுபடி எடுக்கலாம். இதற்கு நவம்பர் 30 கெடு பொருந்தாது. ஆனால் பேரம் முடிந்து விலை குறைக்கப்பட்டால் விற்றவர் கிரெடிட் நோட் கொடுப்பார். அந்த அளவுக்கான வரவு நிரந்தரமாகத் திரும்பிவிடும். கணக்கர் சரக்குக் கடன் பட்டியலை வயதுவாரியாக வடிகட்டி 150 நாளைத் தொட்ட பில்களை எடுத்துப் பார்த்தால் இந்தத் திருப்பல் வருவதற்கு ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

ரிட்டர்னில் எழுதியது

அந்த நவம்பர் 14-இல் வந்ததுதான் ஐஎம்எஸ் எனப்படும் பில் மேலாண்மை வசதியின் அடிப்படையில் உருவான முதல் 2B. ஏற்றுக்கொள், நிராகரி, நிலுவையில் வை என்று மூன்று பொத்தான்கள். தடை செய்யப்பட்ட பில்களை நிராகரித்துவிடலாமா என்று கணக்கர் கேட்டார். கூடாது. நிராகரிப்பது இந்தப் பில் என்னுடையதே அல்ல என்று சொல்வது. கார் பழுதுபார்ப்பு பில் நம்முடையதுதான். அதன் வரவுதான் நமக்கில்லை. ஏற்றுக்கொண்டு, ரிட்டர்னில் திருப்ப வேண்டும்.

3B-யின் நான்காம் அட்டவணை இப்படி நின்றது; 4(A)(5) எடுத்த மொத்த வரவு, 4(C) நிகரம்:

```
4(A)(5)   5,10,800
4(B)(1)     78,800
4(B)(2)     18,000
4(C)      4,14,000
4(D)(2)      1,200
```

4(B)(1)-இல் இருப்பது கொட்டகை, டிபன் செட், கார் மூன்றும் சேர்ந்தது, இது திரும்பாது. 4(B)(2)-இல் இருப்பது 180 நாள் திருப்பல். இது பின்னால் மீளக்கூடியது, தளத்தில் தனி ஏடாகவும் பதிவாகும். இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் மறுபடி எடுக்கும்போது தளம் எச்சரிக்கும். விடுதி வரி 4(A)-க்குள் வரவே கூடாது, 4(D)(2)-இல் தகவலாக மட்டும் போகும். பலர் தடை செய்யப்பட்ட வரியை 4(A)-யிலேயே கழித்துவிட்டுச் சுருக்கமாக எழுதுகிறார்கள். நிகரத் தொகை ஒன்றுதான் என்றாலும் 2B-யோடு 4(A) பொருந்தாமல் போகும். மத்திய வாரியத்தின் 2022 ஜூலை 6 சுற்றறிக்கை 170, முழுதும் காட்டித் திருப்பும் முறையையே சொல்கிறது.

முடியாமல் இருப்பது

20-ஆம் தேதி ரிட்டர்ன் போன பிறகும் ஒரு நிபந்தனையை யாராலும் சரிபார்க்க முடியவில்லை. விற்றவர்கள் அந்த வரியைத் தங்கள் 3B-யில் கட்டினார்களா என்பதுதான் அது. 2021 பிப்ரவரியில் டி.ஒய். பீத்தல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வரியை வாங்கிக்கொண்டு கட்டாத விற்பனையாளரை விசாரிக்காமல் வாங்கியவரை மட்டும் பிடிக்கக் கூடாது என்றது. வாங்குபவருக்கு அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. பின்னால் வந்த விதி 37A-வின்படி, 2024-25 பில்லுக்கு விற்றவர் 2025 செப்டம்பர் 30 வரை 3B போடாவிட்டால், வாங்கியவர் அந்த நவம்பர் 30-க்குள் வரவைத் திருப்ப வேண்டும். விற்றவர் பிறகு போட்டால் மறுபடி எடுக்கலாம். இந்தக் கோப்பின் முன்பக்கத்தில் கம்பி வியாபாரி, ஒப்பந்தக்காரர், வார்ப்பாலை ஆகியோரின் எண்களை எழுதி, எதிரே 3B தாக்கல் செய்த தேதிக்கு ஒரு காலிப் பத்தி விட்டிருக்கிறோம். பொதுத் தளத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தத் தேதி தெரியும். கணக்கர் ஒவ்வொரு மாதமும் அதை நிரப்புகிறார்.

டூல் கடையின் 22,000 ஜனவரியில் வந்தது. டிசம்பர் ரிட்டர்னில் எடுத்தாயிற்று.